அப்பாவுக்கு எழுதிய சமையல் கடிதம்

கேள்வி: ஓய்வு பெற்ற என் அப்பா ஏற்காட்டில் தனியாக இருக்கிறார். அடுப்புப் பக்கமே போனதில்லை. கடிதமாக எழுதிக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். முதலில் எதைச் சமைக்கச் சொல்லலாம்?

பதில்:

உங்கள் அம்மா இப்போது இல்லை என்று நினைக்கிறேன். இருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது. என் அம்மா போன வருடம் தவறிவிட்டார். என் அப்பா பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், ஏற்காட்டு வீட்டை விட்டு இறங்கி வர மாட்டேன் என்றுவிட்டார். நான் இருப்பது சேலம் அம்மாபேட்டையில். மகளாக இருந்துகொண்டு கூட வைத்துப் பார்க்காமல் கடிதம் எழுதுகிறாளே என்று இங்கே யாராவது சொல்லக்கூடும். எத்தனை முறை கூப்பிட்டேன் என்பது எனக்கும் அவருக்கும் தெரியும்.

போனில் சொல்லிப் பார்த்தேன். குக்கர் சத்தத்தில் அவருக்குக் காது கேட்கவில்லை. அதனால்தான் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதினேன். முதலில் எழுதியது அரிசிம்பருப்பு சோறு. நம் பக்கத்துச் சாப்பாடு, ஒரே பாத்திரம், குழம்பு தனியாக வேண்டாம். கடிதத்தில் இருந்தது இதுதான்:

"அப்பா, அரிசி ஒரு ஆழாக்கு, துவரம்பருப்பு கால் ஆழாக்கு. இரண்டையும் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். குக்கரில் இரண்டு கரண்டி எண்ணெய் காய்ந்ததும் கடுகு, சீரகம். கடுகு வெடித்து அடங்கியதும் உரித்த சின்ன வெங்காயம் பத்து, பூண்டு நாலு பல், வரமிளகாய் இரண்டு, கறிவேப்பிலை. வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் தக்காளி ஒன்று, மஞ்சள்தூள் சிட்டிகை. தண்ணீர் மூன்றரை ஆழாக்கு, உப்பு ஒரு சின்ன ஸ்பூன். தண்ணீர் கொதித்ததும் அரிசி, பருப்பைப் போட்டு மூடி மூன்று விசில்."

சேலத்தில் என் வீட்டில் இது தவறியதே இல்லை. அடுத்த ஞாயிறு போனபோது அப்பா தட்டில் பருப்பை ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தார். ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினேன். மேலே மெத்தென்று இருந்தது, நடுவில் வெள்ளையாகக் கல் மாதிரி நின்றது. அரிசி வெந்திருந்தது, பருப்பு மட்டும் வேகவில்லை. ஒரு வாரமாக இதைத்தான் சாப்பிட்டிருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தப்பு என்னுடையது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நெடுநேரம் ஆவது அதனால்தான். குக்கரில் வித்தியாசம் குறைவு, ஆனால் கொஞ்சம் இருக்கிறது. அதோடு தக்காளிப் புளிப்பு பருப்பை வேகவிடாது. அந்தப் பருப்பும் அம்மா இருந்தபோது வாங்கியது. நாளான பருப்பு சீக்கிரம் வேகாது.

புதிதாகப் பருப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு, கடிதத்தைத் திருத்தி எழுதினேன். பருப்பை மட்டும் முதலில் சுடுதண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைக்க வேண்டும். தக்காளி பாதி போதும். அப்புறம், விசிலை எண்ண வேண்டாம், தீயைக் கூட்டினால் அது வேகமாக வரும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துக் கடிகாரம் பார்த்துப் பன்னிரண்டு நிமிடம். அணைத்த பிறகு ஆவி தானாக அடங்கும் வரை மூடியைத் தொடக் கூடாது. இரண்டு விஷயங்களை அடிக்கோடிட்டேன். மூடியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஆவிக்குழாயில் அடைப்பு இல்லையா என்று தினமும் பார்க்க வேண்டும். தண்ணீரோடு சேர்த்துக் குக்கரில் பாதிக்கு மேல் போகக் கூடாது, அரிசியும் பருப்பும் நுரைத்துக் குழாயை அடைத்துவிடும்.

இது கைக்கு வந்த பிறகுதான் ரசம் எழுதினேன். பெரிய நெல்லிக்காய் அளவு புளி, இரண்டு டம்ளர் தண்ணீர், ஒரு தக்காளி. பச்சை வாசனை போகக் கொதித்ததும், நுணுக்கிய மிளகு, சீரகம், பூண்டு. விளிம்பில் நுரை கட்டி மேலே எழும்பும்போது அணைத்துவிட வேண்டும். அதற்கு மேல் கொதித்தால் மணம் போய்விடும். மூன்றாவதாக முட்டைப் பொரியல், அதற்கு இரண்டு வரி போதுமாக இருந்தது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். இத்தனை செய்து பழகிய மனுஷனை, ஓய்வூதியத்துக்காக உயிரோடு இருக்கிறார் என்று காட்ட மலையிலிருந்து இறங்கி வரச் சொன்னார்கள். இயந்திரத்தில் விரல் ரேகை விழவில்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். வயதானவர்களுக்கு ரேகை தேயும் என்பது அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாதா? எதிரே ஆள் நிற்கிறார். அன்றைக்கு அவர் அழுததை நான் பார்த்தேன்.

உங்கள் அப்பாவுக்கு முதலில் ஒன்றே ஒன்று எழுதுங்கள், அளவை அவர் வீட்டு டம்ளரிலேயே எழுதுங்கள். ஒரு முறை அவர் அடுப்பில் நீங்களே செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள், நான் அதைச் செய்யவில்லை. என் தாள் இப்போது அப்பா வீட்டுச் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறது. பன்னிரண்டு நிமிடம் என்பதை வாத்தியார் எழுத்தில் அடித்துப் பதினைந்து என்று திருத்தியிருக்கிறார்.