கேள்வி-பதில்: மரநாய் பட்டப்பகலில் வருமா?

கே: 48 மெகாபிக்சல் என்று போட்டிருந்ததால், விலங்கு வந்தால் தானாகப் படம் பிடிக்கும் இந்த டிரெயில் கேமராவை வாங்கினேன். படம் கலங்கலாக இருக்கிறதே? (தேவகோட்டை)

அட்டைப்பெட்டிக்குத்தான் 48 மெகாபிக்சல். உள்ளே இருப்பது சின்ன சென்சார். மீதிப் புள்ளிகளை மென்பொருள் இட்டு நிரப்புகிறது. நானும் அப்படி ஒன்றை வாங்கினேன். விலங்கு வந்து எவ்வளவு நேரம் கழித்துப் படம் எடுக்கும் என்று யாரிடமும் கேட்கவில்லை. ஆறு மாதத்தில் எனக்குக் கிடைத்ததெல்லாம் வால்கள்தான்.

கே: பூட்டிக் கிடக்கும் எங்கள் பூர்வீக வீட்டின் பின்கட்டு முற்றத்தில் சப்போட்டா மரத்தடியில் கேமரா வைத்தோம். 12 நாளில் 63 கிளிப். 30-ல் மரநாய். நேரம் பெரும்பாலும் காலை 8லிருந்து 10, மாலை 3லிருந்து 5. சராசரி போட்டால் நண்பகல் 12. மரநாய் பகலில் வருமா? (பள்ளத்தூர்)

ஆச்சி, கிளிப்பை மறுபடி ஓட்டிப் பாருங்கள். காலை 9 மணி என்று எழுதியிருக்கும் கிளிப் கறுப்பு-வெள்ளையாக இருக்கிறதா? திறந்த முற்றத்தில் அகச்சிவப்பு விளக்கு இருட்டில்தான் எரியும். அப்படியானால் அது இரவு 9. பேட்டரி போட்டபோது ஏஎம், பிஎம் மாறிவிட்டது. எல்லா நேரத்தோடும் 12 மணி கூட்டுங்கள். மாலை 4 என்பது மறுநாள் விடியற்காலை 4 ஆகும், தேதியும் ஒன்று கூடும். இனிமேல் கேமராவை வைக்கும்போதும் எடுக்கும்போதும் கைபேசிக் கடிகாரத்தை அதன் முன்னால் காட்டிப் படம் பிடித்துவிடுங்கள். எத்தனை நிமிடம் பிசகு என்று அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்து எண்ணிக்கை. உங்கள் மரநாய் கீழே விழுந்த பழத்தைத் தின்றுகொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கும். ஒரே விருந்துக்கு ஐந்து கிளிப். அரை மணிக்குள் வந்தவற்றை ஒரே வருகை என்று சேர்ப்பது இந்தத் துறையில் வழக்கம். உங்கள் பட்டியலை அப்படிச் சேர்த்தேன். முப்பது பதினொன்றாகக் குறைந்தது: இரவு 8லிருந்து 10-க்குள் ஆறு, நள்ளிரவு அரை மணிக்கு ஒன்று, விடியற்காலை 3லிருந்து 5-க்குள் நான்கு.

சராசரியை மறந்துவிடுங்கள். திருத்திய நேரங்களுக்குச் சராசரி போட்டாலும் பிற்பகல் ஒரு மணிதான் வரும்! இரவு 11-க்கும் 1-க்கும் நடு நள்ளிரவு. 23-ஐயும் 1-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 12, அதாவது நண்பகல் கிடைக்கும். கடிகாரம் வட்டம், அளவுகோல் அல்ல. மணிவாரியாக எண்ணி, கடிகார முகம் போல வட்டத்தில் குறித்துப் பாருங்கள். முன்னிரவிலும் விடியலுக்கு முன்பும் வருகை கூடுகிறது என்று பதினொன்றை வைத்துச் சொல்லலாம், உறுதியாக அல்ல. எத்தனை மரநாய் என்று சொல்லவே முடியாது. ஒன்றே பதினொரு முறை வந்திருக்கலாம்.

கே: இரவு 2 மணிக்கு மேல் எங்கள் ஊரணிக் கரைக்கு எதுவும் வருவதில்லை. பகலிலும் கீரி குறைந்துவிட்டது. ஏன்? (கானாடுகாத்தான்)

கீரி அங்கேயேதான் இருக்கும், தம்பி. மலிவான பென்சில் செல் போட்டிருக்கிறீர்கள், இல்லையா? இரவு விளக்கு ஏராளமாக மின்சாரம் இழுக்கும். சோர்ந்த செல் பகலில் வேலை செய்யும், இரவில் காலை வாரும். ஆல்கலைன் செல் போட்டுவிட்டு 2 மணிக்கு மேல் பாருங்கள்.

பகல் கதை வேறு. இந்தக் கேமரா உருவத்தைப் பார்த்து விழிப்பதில்லை. உடம்புச் சூடும் பின்னணிச் சூடும் வித்தியாசப்படும்போதுதான் விழிக்கும். கத்திரியில் நம் செம்மண் தரை கீரியின் உடம்பளவு சுட்டால் கீரி நடந்து போனாலும் கேமரா தூங்கும். அதே வெயிலில் ஆடும் கீற்றுக்கு எழுந்து நாற்பது வெற்றுக் கிளிப் கொடுக்கும். பெட்டியில் இதை ஒருவனும் எழுதமாட்டான். 'நூறு அடி தூரம்' என்று மட்டும் எழுதுவான். எனக்கு இதில்தான் எரிச்சல். கத்திரி மத்தியானக் கணக்கை மார்கழிக் கணக்கோடு ஒப்பிடாதீர்கள். வெயில் படாத நிழல் தரையை நோக்கி, முழங்கால் உயரத்துக்கும் கீழே, விலங்கு குறுக்காகக் கடக்கும்படி வையுங்கள். நேராக வரும் விலங்கைச் சென்சார் எளிதில் தவறவிடும்.

கே: வந்தது மரநாயா, புனுகுப் பூனையா? இரவுப் படத்தில் நிறமே தெரியவில்லை.

வாலைப் பாருங்கள். வளையம் வளையமாக இருந்தால் புனுகுப் பூனை. வளையமில்லாத கறுத்த நீள வாலும் முகத்தில் முகமூடி போட்ட மாதிரி கறுப்பும் இருந்தால் மரநாய். இரண்டும் தெரியாத கிளிப்பை 'தெரியவில்லை' என்றே எழுதி வையுங்கள்.

கே: மரநாய் பிடிக்கக் கூண்டு எங்கே கிடைக்கும்?

சொல்லமாட்டேன்.

கே: இரண்டாம் நாளே கேமரா படுத்துவிட்டது. கடைக்காரர், 'நனைத்திருப்பீர்கள்' என்று திருப்பி அனுப்பிவிட்டார். பில் இருக்கிறது. (காரைக்குடி)

மழை தாங்கும் என்று விற்றுவிட்டு நனைத்தாய் என்பதா? பில், பெட்டியில் 'மழை தாங்கும்' என்று எழுதியிருக்கும் பக்கம், கோளாறு வந்த நாளின் கடைசிக் கிளிப், மூன்றையும் எடுத்துவைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும். என்ன ஆயிற்று என்று எனக்கும் எழுதுங்கள்.