ஆறு மாதத்தில் 1,20,000 ரேண்ட்: மாதம் எத்தனை சதவீதம்?

"ஐயா, சாட்ஸ்வொர்த்தில் மசாலாக் கடை வைத்திருக்கிறேன். பிப்ரவரியில் 78,000, மார்ச்சில் 77,000, ஏப்ரலில் 85,000 ரேண்ட் விற்பனை. அக்டோபர் மாத விற்பனை 1,20,000 ஆக வேண்டும். மாதம் எத்தனை சதவீதம் கூட வேண்டும்?"

மாதம் ஏறத்தாழ 7 சதவீதம். இது 80,000 ரேண்டிலிருந்து போட்ட கணக்கு. உங்கள் மூன்று மாதச் சராசரி அதுதான். ஏப்ரலின் 85,000 ஒரே மாதத்தில் எட்டிய உயரம். அதை அடித்தளமாகப் பிடித்தால் 5.9 சதவீதம் போதும் என்று தோன்றும். உண்மையான நிலை 80,000 என்றால், அந்த வேகத்தில் அக்டோபரில் 1,13,000-ஐத்தான் தொடுவீர்கள்.

80,000 ஒன்றரை மடங்காக வேண்டும், அதாவது 50 சதவீத உயர்வு. பலர் இந்த 50-ஐ ஆறால் வகுத்து 8.33 என்று எழுதி வைக்கிறார்கள். அது தவறு. ஜூன் மாத உயர்வு மே மாதத்தின் கூடிய தொகை மேல் ஏறுகிறது, வட்டிக்கு வட்டி போல. மாதம் 8.33 வீதம் கூடினால் அக்டோபரில் 1,29,000-ஐத் தாண்டிவிடும். அந்தக் கணக்கை நம்பிக் கடைப் பையன்களை விரட்டினால், சரியாகப் போகும் வியாபாரத்தையும் பின்தங்கியதாக நினைப்பீர்கள்.

ஆறு தடவை பெருக்கினால் 1.5 வரும் எண் எது என்பதுதான் கேள்வி. எக்செல்லில் இப்படி அடியுங்கள்:

```
=(120000/80000)^(1/6)-1
```

0.0699 வரும், அதுவே 6.99 சதவீதம். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை ஏழு மாதப் பெயர்கள் இருந்தாலும் தாவல்கள் ஆறுதான். 6 என்பது அந்தத் தாவல்களின் எண்ணிக்கை.

இந்தக் கணக்குப்படி மே 85,600, ஜூன் 91,600, ஜூலை 98,000, ஆகஸ்ட் 1,04,800, செப்டம்பர் 1,12,200 என்று போக வேண்டும். இதைக் கல்லாவுக்கு மேலே ஒட்டி வையுங்கள். தொடக்கமும் இலக்கும் இரண்டுமே வாட் வரி நீங்கலான தொகையாக இருக்கட்டும். ஒன்றில் 15 சதவீத வரி கலந்தால் கணக்கே கெட்டுவிடும்.

ஜூலையில் 92,000-தான் வந்தது என்று வையுங்கள். இனி 7 சதவீதம் உதவாது. மீதமுள்ள மூன்று தாவல்களுக்குப் புதிதாகப் போட வேண்டும்:

```
=(120000/92000)^(1/3)-1
```

9.26 சதவீதம் ஆகிறது. அது முடியுமா என்பதைச் சென்ற ஆண்டுக் கணக்குப் புத்தகத்தில் பாருங்கள். நம் மக்கள் புரட்டாசியில் கறி, மீன் தொடுவதில்லை; செப்டம்பர் நடுவிலிருந்து ஒரு மாதம் கறி மசாலாவும் மீன் மசாலாவும் அலமாரியில் தேங்கும். சென்ற ஆண்டும் அந்தச் சரிவு இருந்தால், செப்டம்பருக்குக் குறித்த உயர்வில் ஒரு பகுதியை ஆகஸ்டிலேயே எடுத்துவிடுங்கள். சாம்பார்ப் பொடியையும் பருப்பையும் ஆகஸ்ட் முடிவதற்குள் கூடுதலாக வாங்கி வையுங்கள்.