நூற்றுக்கு 55 புள்ளி வெல்பவர் ஒரு கேமை வெல்லும் வாய்ப்பு எவ்வளவு?

*கேள்வி: என் மகள் டென்னிஸில் சர்வ் போடும்போது நூற்றில் 55 புள்ளிகளை வெல்கிறாள். பயிற்சிக்கு ஆள் பிடித்துத் தரும் ஒருவர், அவள் கேமை வெல்லும் வாய்ப்பு 9 விழுக்காடுதான் என்று பயமுறுத்தி, நான்கு மாதப் பயிற்சிக்கு 1,200 ரிங்கிட் கேட்கிறார். என் அண்ணனோ, ஏழில் நான்கு வெல்லும் தொடரைப் போல 61 விழுக்காடு என்கிறார். யார் சொல்வது சரி? (சுங்கை சிப்புட் வாசகர்)*

உங்கள் அண்ணன் ஏறக்குறைய சரியாகச் சொல்லியிருக்கிறார். வழக்கமான விதிப்படி விடை 62 விழுக்காடு. நான்கு புள்ளிகளை முதலில் எடுப்பவருக்குக் கேம், மூன்றுக்கு மூன்று என்று டியூஸ் ஆகிவிட்டால் மட்டும் இரண்டு புள்ளி முன்னிலை வேண்டும். அந்த 9 எப்படி வந்தது என்றால், 0.55 என்பதை நான்கு முறை பெருக்கியிருக்கிறார்கள். எதிராளிக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் கேமை முடிக்கும் வாய்ப்பு மட்டுமே அது. ஒரு புள்ளியையோ இரண்டு புள்ளிகளையோ இழந்தும் கேமை வெல்லலாம் என்பது அந்த மனிதருக்குத் தெரியாமலிருக்காது. தெரிந்தே மறைத்திருக்கிறார் என்றுதான் நான் நினைக்கிறேன். எங்கள் பக்கத்துத் தோட்டத்தின் பழைய சிமெண்டுக் கோர்ட்டிலும் இதே பெருக்கலைக் காட்டிப் பெற்றோரிடம் பணம் வாங்கியவரைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மகள் சர்வ் போடும் ஆயிரம் கேம்களை எண்ணிக்கொள்ளுங்கள். எதிராளி ஒரு புள்ளியும் எடுக்காமல் முடிபவை சுமார் 92. எதிராளி ஒரே ஒரு புள்ளி எடுத்து இவள் வெல்பவை 165. அந்த ஒரு புள்ளி முதல் நான்கு புள்ளிகளில் எதுவாகவும் இருக்கலாம் என்பதால் இதற்கு நான்கு வழிகள் உண்டு. எதிராளி இரண்டு புள்ளிகள் எடுப்பதற்குப் பத்து வழிகள். அப்படி வெல்பவை 185. ஆக டியூஸுக்குப் போகாமலேயே ஏறத்தாழ 442 கேம்கள் இவளுக்குக் கிடைக்கின்றன. இதே முறையில் 255 கேம்கள் எதிராளிக்குப் போகின்றன. மீதமுள்ள 303 கேம்கள் மூன்றுக்கு மூன்று என்று டியூஸில் வந்து நிற்கின்றன.

டியூஸில் தொடர்ந்து இரண்டு புள்ளிகளை வெல்ல வேண்டும். இரண்டும் இவளுக்கே வருவதற்கு வாய்ப்பு 0.55 × 0.55, அதாவது 0.3025, இரண்டும் எதிராளிக்குப் போவதற்கு 0.2025. ஆளுக்கொன்று என்றால் மறுபடியும் டியூஸ்தான், ஒன்றும் மாறவில்லை. ஆகவே அந்த இரு எண்களின் விகிதமே முடிவைத் தீர்மானிக்கிறது. அதன்படி டியூஸிலிருந்து இவள் வெல்லும் வாய்ப்பு 60 விழுக்காடு. 303 கேம்களில் 182 இவளுக்கு. 442 உடன் கூட்டினால் 624. தசமங்களை விடாமல் கணக்கிட்டால் 623.

அண்ணனின் 61 எங்கிருந்து வருகிறது? ஏழில் நான்கு என்ற தொடரில் மூன்றுக்கு மூன்று ஆனதும் ஒரே ஆட்டத்தில் முடிவு தெரிந்துவிடும். அதில் இவளுக்கு 60 அல்ல, 55 விழுக்காடுதான். 303-இல் 167 மட்டுமே கிடைக்க, தசமங்களை விடாமல் கூட்டினால் மொத்தம் 608 ஆகிறது. டியூஸின் இரண்டு புள்ளி விதி, சற்று மேலான ஆட்டக்காரருக்குச் சாதகமானது.

இதை நான் இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் உண்டு. டியூஸில் அட்வான்டேஜ் இல்லாமல் ஒரே புள்ளியில் கேமை முடிக்கும் முறையும் விதிகளில் அனுமதிக்கப்பட்டதே. நேரம் மிச்சமாகும் என்பதற்காக அதைக் கையாளும் போட்டிகள் உண்டு. அங்கே டென்னிஸ் கேம் அப்படியே ஏழில் நான்கு தொடராகிவிடும், அண்ணனின் கணக்கே பொருந்தும். அந்தக் கடைசிப் புள்ளியில், சர்வ் எந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும் என்பதை அதை எதிர்கொள்பவர்தான் தேர்ந்தெடுப்பார். எனவே உங்கள் மகளின் பலவீனமான பக்கம் எதுவோ அதைத்தான் எதிராளி கேட்பாள், 55-ம் கொஞ்சம் குறையும். எந்த விதி என்பதைச் சுற்றறிக்கையில் ஒரு வரி எழுதினால் போதும். என் பேரன் ஆடிய ஒரு போட்டியிலோ, காலை எட்டு மணிக்குக் கோர்ட் வாசலில் வைத்துத்தான் வாய்மொழியாகச் சொன்னார்கள். நுழைவுக் கட்டணத்தை மட்டும் மூன்று வாரத்துக்கு முன்பே வாங்கியிருந்தார்கள்.

கடைசியாக, அந்த 55 எத்தனை புள்ளிகளை எண்ணி வந்தது? நூறு புள்ளிகள்தான் என்றால் உண்மையான அளவு 45 முதல் 65 வரை எங்கும் இருக்கலாம். கேம் வாய்ப்போ 38 முதல் 83 வரை அகன்றுவிடும். பயிற்சி விற்பவர் பயிற்சிக்கு முன் இருபது புள்ளி, பின் இருபது புள்ளி எண்ணி முன்னேற்றம் காட்டினால் நம்பாதீர்கள். அத்தனை வித்தியாசம் ஒன்றுமே கற்காமலும் வரும். நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு, சர்வ் போடும் புள்ளிகளை மட்டும், ஏறக்குறைய சமமான எதிராளிகளிடம், 400 வரை எண்ணுங்கள். அப்போதும் 55 வந்தால், உண்மை 50-க்கும் 60-க்கும் இடையில் இருக்கும் என்று கொள்ளலாம். கேம் வாய்ப்பு 50 முதல் 74 வரை.