படுக்கையில் அம்மா, சிங்கப்பூரில் அண்ணன்: கிரயப் பதிவுக்கு யார் நேரில் வர வேண்டும்?

கேள்வி: அப்பா தன் சம்பாத்தியத்தில் கும்பகோணத்தில் கட்டிய வீட்டை விற்கிறோம். உயில் எதுவும் இல்லை. அம்மாவுக்கு 81 வயது, அதே ஊரில் அக்கா வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிறார். அண்ணன் சிங்கப்பூரில், நான் சென்னையில், தங்கை பெங்களூரில். வர முடியாதவர்கள் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும், டோக்கன் உட்பட மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகத் தரகர் சொல்கிறார். உண்மையில் யார் யார் நேரில் வர வேண்டும்?

பதில்: உங்கள் தரகர் சொல்வது தவறு. அவர் அறியாமல் சொல்லியிருந்தால் திருத்திக்கொள்ளலாம். அறிந்தே சொல்லியிருந்தால் அவரை மாற்றிக்கொள்ளுங்கள். கிரயப் பத்திரத்தில் ஒருவர் நோட்டரி முன் கையெழுத்திட்டார் என்பதால், அவர் சார்பதிவாளர் முன் வந்து "ஆம், இதை எழுதிக் கொடுத்தது நான்தான்" என்று ஒப்புக்கொள்ள வேண்டிய கடமை நீங்கிவிடாது. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் அந்த ஒப்புதலைத்தான் கேட்கிறது. நோட்டரியின் முத்திரை கையெழுத்துக்குச் சான்று மட்டுமே.

அப்பா உயில் எழுதாமல் இறந்ததால், வாரிசுச் சான்றிதழில் அம்மாவும் நீங்கள் நால்வரும் இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் எழுதிக் கொடுப்பவர்கள் ஐந்து பேர். ஐந்து பேரின் ஒப்புதலும் சார்பதிவாளருக்குக் கிடைத்தாக வேண்டும். எழுதி வாங்குபவரும் வர வேண்டும், ஏனென்றால் சொத்து கைமாறும் பத்திரத்தில் விற்பவர், வாங்குபவர் இருவரின் புகைப்படமும் விரல் ரேகையும் இடம்பெற வேண்டும் என்பது சட்டத்தின் 32ஏ பிரிவு. இவர்களோடு உங்களை அடையாளம் காட்டும் இரண்டு சாட்சிகள். நேரில் வர வேண்டியவர்கள் இவ்வளவுதான். தரகர் வர வேண்டிய அவசியமே இல்லை.

நீங்களும் அக்காவும் போய்விடலாம். தங்கைக்கும் பெரிய சிக்கல் இல்லை. எல்லோரும் ஒரே நாளில்தான் வர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வெவ்வேறு நாட்களில் வந்து ஒப்புக்கொள்ளலாம் என்று 34ஆம் பிரிவு வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. பத்திரத்தில் கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் அது பதிவுக்கு வர வேண்டும். பலர் வெவ்வேறு நாட்களில் கையெழுத்திட்டால் அவரவர் கையெழுத்திட்ட நாளிலிருந்து அந்த நான்கு மாதம் கணக்காகும். ஆனால் ஐந்து பேரில் ஒருவர் மட்டும் பிறகு வருவார் என்றால், அதுவரை பத்திரம் நிலுவையில் கிடக்கும். சட்டம் இடம் கொடுப்பதை அலுவலகத்தில் கேட்டால் ஏதோ சலுகை கேட்டதைப் போல முகம் சுளிப்பவர்களும் உண்டு. ஆகவே தங்கைக்கு அந்த ஒரு நாள் விடுப்பு கிடைக்குமானால் அவரே வந்துவிடுவது நல்லது. வரவே முடியாது என்றால், அவர் பெங்களூரில் தான் குடியிருக்கும் பகுதிக்கு உரிய சார்பதிவாளர் முன்பு உங்களுக்கோ அக்காவுக்கோ அதிகார ஆவணம் எழுதிப் பதிவு செய்து தர வேண்டும். தெருமுனை நோட்டரியிடம் எழுதிய பவர், இந்தியாவில் குடியிருப்பவர் விஷயத்தில் பதிவுக்குச் செல்லாது.

அண்ணன் விஷயம் வேறு. வெளிநாட்டில் குடியிருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரக அதிகாரி முன்போ, நோட்டரி முன்போ அதிகார ஆவணத்தில் கையெழுத்திடலாம் என்று 33ஆம் பிரிவு சொல்கிறது. 'நோட்டரி போதும்' என்ற பேச்சு இங்கிருந்துதான் கிளம்பி, ஊரில் இருப்பவர்களுக்கும் சேர்த்துப் பொருந்துவதாகப் பரவிவிட்டது. நான் எப்போதும் தூதரகத்தையே பரிந்துரைப்பேன். இங்குள்ள அலுவலகத்தில் கேள்வி குறையும். அண்ணன் முன்பதிவு செய்துகொண்டு, பாஸ்போர்ட்டுடன் சிங்கப்பூரில் உள்ள இந்திய ஹைகமிஷனுக்கு நேரில் போக வேண்டும். கையெழுத்தை வீட்டிலேயே போட்டு எடுத்துப் போகக் கூடாது, அதிகாரியின் கண் முன்னால்தான் போட வேண்டும். பலர் இங்கேதான் சறுக்கித் திரும்பி வருகிறார்கள்.

அந்த ஆவணத்தின் வாசகத்தை நீங்கள் இங்கே எழுதி அனுப்புங்கள். வீட்டின் சர்வே எண், கதவு எண், நான்கு எல்லைகள் ஆகியவை மூலப் பத்திரத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். விற்பதற்கும், கிரயப் பத்திரத்தில் கையெழுத்திடுவதற்கும், அதைப் பதிவுக்குத் தாக்கல் செய்து ஒப்புக்கொள்வதற்கும் அதிகாரம் தருவதாகத் தனித்தனியே எழுத வேண்டும். 'சொத்தைப் பராமரித்து நிர்வகிக்க' என்று மட்டும் எழுதிய பவரைக் கொண்டு விற்க முடியாது. ஆவணம் தபாலில் வந்ததும் அந்த உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் உரிய முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். வந்த நாளுக்கு உறையின் மேல் உள்ள தேதி முத்திரைதான் சாட்சி. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அந்த வேலையை முடித்த பிறகே பவர் பயன்பாட்டுக்கு வரும். பத்திரம் பதியும் நேரத்தில், அதிகாரம் கொடுத்த அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான சான்றும் கேட்பார்கள். கொடுத்தவர் இறந்தால் அதிகாரமும் போய்விடும் என்பதால் இந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆகவே அந்தச் சான்றைப் பதிவு நாளையொட்டிப் புதிதாக வாங்கி வைத்திருங்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. "ஐந்து பேரும் அலைவானேன், எல்லோரும் என் பெயருக்குப் பொது அதிகாரம் கொடுத்துவிடுங்கள், நானே கிரயம் செய்து தருகிறேன்" என்று தரகர் அடுத்து சொல்வார். கொடுக்காதீர்கள். பவர் வாங்கியவர் யாருக்கு, எந்த விலைக்கு விற்றாலும் வெளியாரைப் பொறுத்தவரை விற்றது நீங்கள்தான். பணம் அவர் கணக்கில் வந்து நிற்கும். நீங்கள் வழக்கு மன்றத்தில் வந்து நிற்பீர்கள். அதிகாரம் கொடுப்பதானால் இரத்த உறவுக்குக் கொடுங்கள், இந்த ஒரு சொத்துக்கு மட்டும் கொடுங்கள், விற்பனைப் பணம் அவரவர் வங்கிக் கணக்குக்கே நேராக வர வேண்டும் என்று பவரிலேயே எழுதுங்கள்.

இனி அம்மா. உங்கள் கடிதத்தில் முக்கியமானது இதுதான், தரகர்கள் அதிகம் பயமுறுத்துவதும் இதைச் சொல்லித்தான். உடல் நலிவால் வர இயலாதவர் அலுவலகத்துக்கு வரத் தேவையில்லை என்று 38ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. சார்பதிவாளர் வீட்டுக்கு வந்து அவரை விசாரிக்க வேண்டும், அல்லது விசாரிப்பதற்கு வேறொருவரை நியமித்து அனுப்ப வேண்டும். ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு வந்து அலுவலக வாசலில் ஆம்புலன்ஸை நிறுத்தி, ஜன்னல் வழியாகக் கைரேகை வாங்கும் கொடுமை நம் ஊர்களில் இன்னும் நடக்கிறது. அதற்கு எந்தத் தேவையும் இல்லை. அம்மாவைப் பார்க்கும் மருத்துவரிடம், இவரால் எழுந்து வர இயலாது, ஆனால் சுயநினைவோடு பேசிப் புரிந்துகொள்கிறார் என்று இரண்டையும் குறிப்பிட்டுச் சான்று வாங்குங்கள். அதை இணைத்து, அக்கா வீட்டு முகவரியைக் குறிப்பிட்டு, வீட்டுக்கு வந்து ஒப்புதல் பெறும்படி சார்பதிவாளருக்கு மனு எழுதுங்கள். டோக்கன் நாளுக்குச் சில நாட்கள் முன்னதாகவே மனுவை நேரில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தையும் தேதியையும் வாங்கி வையுங்கள். மற்றவர்கள் அலுவலகத்தில் ஒப்புக்கொள்ளும் அதே நாளிலேயே அம்மாவையும் பார்க்கும்படி மனுவில் கேளுங்கள்.

வருபவர் அம்மாவிடம் பெயர், கணவர் பெயர், எந்த வீடு, யாருக்கு விற்கிறீர்கள், பணம் பற்றித் தெரியுமா என்று கேட்பார். அப்போது நீங்கள் பக்கத்தில் நின்று பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது. அம்மா தன் வாயால் சொல்ல வேண்டும். கையெழுத்திட முடியாவிட்டால் இடது பெருவிரல் ரேகை போதும். ஆனால் அவருக்கு நினைவு தவறிவிட்டது, பிள்ளைகளையே அடையாளம் தெரியவில்லை என்ற நிலை இருந்தால், வீட்டுக்கு வந்தாலும் பதிவு நடக்காது, நடக்கவும் கூடாது. அம்மாவின் பெயரில் பவர் எழுதுவதும் அப்போது தீர்வாகாது, ஏனென்றால் பவர் கொடுக்கவும் புரிதல் வேண்டும். நீதிமன்றம் வழியாகக் காப்பாளர் நியமனம் பெற்ற பிறகே விற்க முடியும். கட்டை விரலைப் பிடித்து வைத்து அழுத்தி வேலையை முடித்துவிடலாம் என்று சொல்பவர் நாளை உங்களுக்காகச் சிறைக்குப் போகமாட்டார்.

வீட்டு வருகைக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் உண்டு, அதற்கு ரசீதும் உண்டு. "ஐயாவுக்கு வண்டிச் செலவு, உடன் வருபவர்களுக்குச் சாப்பாடு" என்று தரகர் தனியாகக் கேட்பதற்கு ரசீது கிடையாது. அந்தப் பணம் உண்மையில் யாரிடம் போகிறது என்பதை நீங்கள் ஒருபோதும் அறியப்போவதில்லை. பதிவுத் துறை கட்டணங்களை இணையவழிக்கு மாற்றிய பிறகும், அதே கூடத்தில் அதே ஆட்கள் அதே கைப்பையோடு நிற்பதைப் பார்க்கும்போது எரிச்சல் வராமல் இருக்காது.

டோக்கனுக்கு அண்ணனின் பவர் கைக்கு வந்து, முத்திரைத் தீர்வை வேலை முடிந்த பிறகே போங்கள். முதலில் டோக்கன் போட்டுவிட்டு ஆவணத்துக்காகக் காத்திருப்பது வீண் பதற்றம். tnreginet.gov.in தளத்தில் உங்கள் பெயரில், உங்கள் சொந்தக் கைபேசி எண்ணைக் கொடுத்துக் கணக்குத் தொடங்குங்கள். பத்திர விவரங்களையும், எழுதிக் கொடுப்பவர், வாங்குபவர், சாட்சிகள் ஆகியோரின் விவரங்களையும் உள்ளிட்டு, தீர்வையையும் கட்டணத்தையும் இணையவழியில் செலுத்திய பின் நாளையும் நேரத்தையும் தேர்வு செய்யலாம். தரகர்கள் செய்யும் வழக்கமான தந்திரம் தங்கள் எண்ணைக் கொடுத்துக் கணக்குத் தொடங்குவது. குறுஞ்செய்தி அனைத்தும் அவருக்கே போகும். டோக்கன் எப்போது, கட்டணம் எவ்வளவு என்பதை அவர் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். தட்கல் டோக்கன் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது, அதற்குக் கூடுதலாக 5,000 ரூபாய். ஆனால் சாதாரண டோக்கனையே தட்கல் என்று சொல்லி அந்த 5,000 ரூபாயை வாங்கிக்கொள்பவர்கள் உண்டு. ரசீதில் என்ன அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். நல்ல நாள் பார்த்துத்தான் பதிய வேண்டும் என்று வாங்குபவர் சொன்னால் கூட்டம் அதிகம் இருக்கும் என்பதை மட்டும் சொல்லி வையுங்கள்.

சாட்சிகள் இருவரையும் அலுவலக வாசலில் பிடிக்காதீர்கள். அங்கே இருநூறு, முந்நூறுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுபவர்கள் கிடைப்பார்கள். நாளை யாராவது வழக்குத் தொடுத்தால் அவர்கள் கிடைக்கமாட்டார்கள். அம்மாவையும் உங்களையும் பல வருடமாக அறிந்த கும்பகோணத்து அக்கம்பக்கத்தார் இருவரை, அடையாள அட்டை அசலுடன், அலுவலகத்துக்கும் அக்கா வீட்டுக்கும் வரச் சொல்லுங்கள். அண்ணன் சார்பில் அதிகாரம் பெற்றவர் நீங்களாக இருந்தால், பத்திரத்தில் இரண்டு இடங்களில், உங்களுக்காக ஒருமுறையும் அண்ணனின் முகவராக ஒருமுறையும், கையெழுத்திட மறக்காதீர்கள்.