ஆறு மாதத்துக்குப் பிந்திய டொலர் வீதம்: வங்கி சொல்வது எதிர்வுகூறலா?

"நான் கட்டாரில் வேலை செய்கிறேன். களுவாஞ்சிக்குடியில் கட்டும் வீட்டின் கூரை வேலைக்கு ஆறு மாதத்தில் காசு தேவை. டொலருக்கு இன்று 300 ரூபா, ஆறு மாத முன்னோக்கிய வீதம் ஏறக்குறைய 306 ரூபா என்கிறார்கள். ரூபா இறங்கும் என்று வங்கி கணித்துவிட்டதா? பொறுத்து அனுப்பினால் எனக்கு இலாபமா?"

வங்கி எதையும் கணிக்கவில்லை. முன்னோக்கிய வீதம் என்பது, ஆறு மாதத்தின் பின் டொலரை மாற்றுவதற்கு இன்றே பேசி உறுதி செய்யும் வீதம். அந்த ஆறு ரூபா இரு நாணயங்களின் வட்டி வித்தியாசத்திலிருந்து வருவது. இதையே காப்பிடப்பட்ட வட்டிச் சமநிலை என்பார்கள்.

ரூபா வைப்புக்கு ஆண்டு வட்டி 8 வீதம், டொலர் வைப்புக்கு 4 வீதம் என வைத்துக்கொள்வோம். 1,000 டொலரை இன்றே மாற்றினால் 3,00,000 ரூபா கிடைக்கும். அதை ஆறு மாதம் வைப்பிலிட்டால் 3,12,000 ஆகும். மாற்றாமல் டொலராகவே வைத்திருந்தால் 1,020 டொலராகும். அதுவும் அதே 3,12,000 ரூபாவைத் தர வேண்டுமானால், முன்னோக்கிய வீதம் 3,12,000 ஐ 1,020 ஆல் வகுத்து வரும் 305.88 ஆக இருக்க வேண்டும். வங்கி 310 கொடுத்தால், ரூபாவைக் கடன் வாங்கி டொலராக்கி வைப்பிலிட்டு, அதை 310 இற்கு முன்கூட்டியே விற்று, 3,16,200 பெற்றுக் கடனை அடைத்து 4,200 ரூபாவை மிச்சம் பிடிப்பார்கள். அப்படிப் பலர் செய்யும்போது அந்த இடைவெளி மூடிவிடும்.

உங்கள் விடயத்தில் கவனிக்க வேண்டியது வேறொன்று. ரியால் டொலருடன் 3.64 என்ற நிலையான வீதத்தில் பிணைக்கப்பட்டிருப்பதால் இக்கணக்கு உங்களுக்கும் பொருந்தும். ஆனால் உங்கள் சம்பளம் வட்டியில்லாக் கணக்கில் கிடந்தால், 1,020 டொலர் உங்களிடம் இருக்காது, 1,000 தான் இருக்கும். அதற்கு 3,05,880 ரூபாவே கிடைக்கும். இன்றே அனுப்பி வீட்டார் பெயரில் நிலையான வைப்பிலிட்டால், வட்டி மீதான வரிக்கு முன் 3,12,000. ஆகவே வட்டி ஈட்டாத பணத்தை வைத்துக்கொண்டு முன்னோக்கிய வீதத்துக்காகக் காத்திருப்பது நட்டம் என்பதே என் கருத்து. வரியைக் கழித்த பின்னும் அந்த வைப்பு 3,05,880 ஐத் தாண்டுகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

மூலதனம் தடையின்றி நகர முடியாத இடத்தில் இச்சமநிலை முழுமையாக நிற்பதில்லை. வாங்கும் வீதத்துக்கும் விற்கும் வீதத்துக்கும் இடையிலான வித்தியாசமும் அதைச் சற்று விலக்கும். 2022 மார்ச்சில் ரூபா மிதக்க விடப்பட்டபோது, 200 அளவில் இருந்த டொலர் இரு மாதங்களுக்குள் 360 ஐத் தொட்டது. வட்டி வித்தியாசத்தைப் பார்த்து அதை யாரும் அறிந்திருக்க முடியாது. எனவே இன்றே மாற்றினாலும் முன்னோக்கிய ஒப்பந்தம் செய்தாலும், ரூபா அப்படி வீழ்ந்தால் வரும் மேலதிகத்தை நீங்கள் விட்டுக்கொடுக்கிறீர்கள். கூரைக்கான தொகை ரூபாவில் பேசி முடிவானதென்றால் அது ஏற்கத்தக்க விலை. மரமும் ஓடும் டொலரோடு விலையேறும் என்றால், தேவையில் ஒரு பகுதியை டொலராகவே வைத்திருப்பது நல்லது.

முன்னோக்கிய ஒப்பந்தம் உங்களைக் கட்டுப்படுத்தும் என்பதையும் மறக்க வேண்டாம். இடையில் வேலை போய் டொலர் வராவிட்டாலும், அன்றைய சந்தை வீதத்துடனான வித்தியாசத்தை நீங்களே கட்ட நேரலாம். கையெழுத்திடுமுன் அந்த நிபந்தனையைக் கேட்டு வாசியுங்கள்.