ஊக்கியா, தீக்குச்சியா?

பம்பலப்பிட்டி மாணவி: சேர், ஐதரசன் பேரொட்சைட்டில் கறுப்பு மங்கனீசீரொட்சைட்டுத் தூளைப் போட்டதும் நுரைக்கிறது. அப்படியென்றால் ஊக்கிதானே தாக்கத்தைத் தொடக்கிவைக்கிறது?

இல்லை மகள். ஊக்கி என்பது தாக்கத்தை விரைவாக்கிவிட்டு, தான் தீராமல் மிஞ்சும் பொருள். பேரொட்சைட்டு போத்தலுக்குள் இருக்கும்போதே மிக மெதுவாக நீராகவும் ஒட்சிசனாகவும் பிரிந்துகொண்டுதான் இருக்கிறது. பிரிவதற்கு உயரமான மலைபோன்ற ஒரு சக்தித் தடையைத் தாண்ட வேண்டியிருப்பதால் ஒருசில மூலக்கூறுகளே தாண்டுகின்றன. அந்தத் தூள் உயரம் குறைந்த வேறொரு கணவாயைக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

மருந்துக்கடையில் கிடைக்கும் 3% கரைசலில் 50 மில்லிலீற்றர் எடுங்கள். ஒரு சிட்டிகை தூள் போட்டாலும் ஒரு கரண்டி போட்டாலும் கடைசியில் கிடைப்பது ஏறத்தாழ அரை லீற்றர் ஒட்சிசன்தான். கரண்டி போட்டால் விரைவில் முடியும். பிறகு தூளை வடித்து, கழுவி, நன்றாக உலர்த்தி நிறுத்துப் பாருங்கள்: போட்ட அளவே இருக்கும். எடை கூடியிருந்தால் ஈரம் போகவில்லை. குறைந்திருந்தால் வடிதாளில் ஒட்டியிருக்கிறது. அதே தூளைப் புதுக் கரைசலில் போட்டால் மீண்டும் நுரைக்கும்.

தனியார் வகுப்பு ஆசிரியர்: ஊக்கி தாக்கத்தில் பங்கெடுப்பதே இல்லை என்றுதான் நான் கற்பிக்கிறேன்.

பாதி சரி. முடிவில் அது குறைவதில்லை. ஆனால் நடுவில் பேரொட்சைட்டு அந்தத் தூளின் மேற்பரப்பில்தான் ஒட்டி உடைகிறது. பங்கெடுக்காமல் புதுவழி திறக்க முடியாது. அங்கே ஒவ்வொரு படியும் எப்படி நடக்கிறது என்பதில் ஆய்வாளரிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

தெஹிவளை வாசகர்: குறையாது என்கிறீர்கள். என் காரின் புகைக்குழாயில் உள்ள ஊக்கி மாற்றி செத்துவிட்டது என்று கராஜில் சொல்கிறார்களே?

செலவாகாத பொருளும் பழுதாகும். அந்த மாற்றியில் ஊக்கிகளாக இருக்கும் பிளாற்றினம், பலேடியம், ரோடியம் ஆகியவற்றின் நுண்துகள்களை எரிந்த எஞ்சின் ஒயிலின் பொசுபரசு மூடிவிடும். அதிக வெப்பம் அவற்றை ஒன்றாகத் திரளவைக்கும். நீலப் புகை வருகிறதா, ஒயில் குறைகிறதா என்று முதலில் பாருங்கள். எஞ்சினைத் திருத்தாமல் மாற்றியை மட்டும் மாற்றினால் புதியதும் கெட்டுவிடும்.

பத்திரிகை உதவி ஆசிரியர்: “அந்த ஒரு கைது மாற்றத்துக்கு ஊக்கியாக அமைந்தது” என்று கட்டுரையில் வருகிறது. விடலாமா?

நான் விடமாட்டேன். அங்கே கைது தீக்குச்சி. அது நெருப்பை மூட்டியது, தானும் எரிந்து தீர்ந்தது. அதைக் காரணம் என்றோ பொறி என்றோ எழுதுங்கள். ஊக்கி வேறு மாதிரி. வடிகால் கேட்டு எங்கள் ஒழுங்கையார் ஆண்டுக்கணக்காகத் தனித்தனியே மாநகர சபைக்கு எழுதிக்கொண்டிருந்தோம். புதிதாகக் குடிவந்த ஓர் அம்மா வீடுவீடாகப் போய் ஒரே மனுவில் கையெழுத்து வாங்கினார்; சில மாதங்களில் வேலை தொடங்கியது. அடுத்த ஒழுங்கைக்கும் அவரே போனார். அவர்தான் ஊக்கி.

நல்ல தமிழ்ச் சொல் வேண்டுமென்றால் தூண்டுகோல் இருக்கிறது. எரிகின்ற விளக்கின் திரியைத்தான் அது தள்ளிவிடுகிறது. எண்ணெய் அதே அளவுதான், சுடர் மட்டும் பெரிதாகும்.

அதே உதவி ஆசிரியர்: தூண்டுதல் என்றாலே இன்றைய வாசகருக்குத் தொடக்கிவைத்தல்தானே, ஐயா?

அது உண்மைதான். அந்தச் சொல்லும் தளர்ந்துவிட்டது. இரண்டில் எது குறைவாகக் குழப்பும் என்பதை உங்கள் வாசகரை அறிந்த நீங்களே முடிவு செய்யுங்கள்.