மணிக்கூலி, பீஸ் ரேட், கமிஷன்: மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: பை தைக்கும் அனுபவம் கொஞ்சம் இருக்கிறது. மூன்று இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. முதலாவதில் மணிக்கு 100. இரண்டாவதில் ஒரு பைக்கு 75. மணிக்கு இரண்டு பை சுலபமாகத் தைக்கலாம் என்கிறார்கள். மூன்றாவது பை விற்கும் வேலை: மாதம் 6,000, அதோடு விற்பனையில் 5 சதவீதக் கமிஷன், நன்றாகச் செய்பவர்கள் மாதம் 30,000 எடுக்கிறார்களாம். எதில் சேரலாம்?

பதில்:

நான் பல வருடம் பீஸ் ரேட்டில் தைத்தவன். பிறகு அதே தொழிலில் ரேட் போடும் மேஜைக்குப் போனவன். அதனால் மேஜையின் இரண்டு பக்கமும் தெரியும்.

அவர்கள் சொல்லும் எண்களை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். மூன்றுக்கும் ஒரே கேள்விதான்: மாதக் கடைசியில் கைக்கு வருவதை, அந்த வேலைக்காக நீங்கள் கொடுத்த மொத்த மணிநேரத்தால் வகுத்தால் என்ன வருகிறது? தைத்த நேரம் மட்டும் கணக்கில்லை. துணிக்காகக் காத்திருந்தது, பிரித்துத் தைத்தது, வாடிக்கையாளருக்கு இரவில் போன் பேசியது எல்லாம் சேர்த்தி.

மணிக்கூலியில் இது சுலபம். ஒரு நாளைக்கு 8 மணி, மாதம் 25 நாள் என்றால் 200 மணி, 20,000. மெஷின் நின்றாலும் துணி வராவிட்டாலும் அந்த நஷ்டம் முதலாளியுடையது. இங்கே விசாரிக்க வேண்டியது ஒன்றுதான்: அந்த 200 மணி நிச்சயமா? வேலை குறைந்த நாளில் ஐந்து மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றால், மணிக்கு 100 என்பது மாறாது, மாதச் சம்பளம்தான் சுருங்கும்.

இனி பீஸ் ரேட். மணிக்கு இரண்டு பை, பைக்கு 75, ஆக மணிக்கு 150 என்று மனக்கணக்கு ஓடியிருக்கும். அந்த ‘இரண்டு பை’ எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ரேட் போடும்போது பழகிய ஒரு கையை உட்கார வைத்து, ஒரு பைக்கு எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரம் பிடித்துப் பார்ப்போம். ஒழுங்கான இடமாக இருந்தால், ஊசி உடைவது, நூல் மாற்றுவது, களைப்பு இவற்றுக்காக அந்த நேரத்தோடு பத்து, பதினைந்து சதவீதமாவது கூட்டிக்கொள்வோம். அவசரக்கார முதலாளிகள் கூட்டுவதில்லை. ‘சுலபமாக’ என்று வாயால் சொல்லும் எண் பெரும்பாலும் அப்படிக் கூட்டாத எண்தான்.

ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். 8 மணியில் கட்டிங்கிலிருந்து துண்டுகள் வரக் காத்திருப்பது ஒரு மணி நேரம். ரிஜெக்ட் ஆன ஒன்றைப் பிரித்துத் தைக்க அரை மணி. மிச்சம் ஆறரை மணி. பழகிய கையானால் 13 பை, 975. மொத்த 8 மணிக்கு வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 122. 150 இல்லைதான், ஆனால் முதல் வேலையைவிட மேல். புதுக் கையானால் ஆறரை மணியில் 8 பை என்று வைத்துக்கொள்ளுங்கள். 600, மணிக்கு 75. அதாவது அதே இடம், அதே ரேட். கையைப் பொறுத்து முதல் வேலைக்கு மேலும் போகலாம், கீழும் போகலாம். எல்லைக்கோடு எங்கே? மணிக்கூலியில் ஒரு நாளுக்கு 800. அதை எட்ட 11 பை வேண்டும். ஒரு நாள் சோதனைக்குத் தைத்துப் பார்க்கக் கேளுங்கள். காலை வேகத்தை வைத்து முடிவு செய்யாமல், மாலை வரை தைத்து எண்ணுங்கள்.

அப்புறம் டிசைன். புது டிசைன் வந்தால் முதல் சில நாள் கை தடுமாறும். அந்த நாட்களுக்கும் அதே 75தானா? அடிக்கடி டிசைன் மாறும் இடத்தில் வேகம் ஏறவே விடமாட்டார்கள். கை வேகமானதும் ரேட்டைக் குறைக்கும் வழக்கமும் உண்டு. அது அங்கே நடந்திருக்கிறதா என்பதை சூப்பர்வைசர் சொல்லமாட்டார், பழைய ஆட்கள் சொல்வார்கள்.

ரிஜெக்ட் யார் தலையில் விழும் என்பதையும் கேளுங்கள். அமெரிக்காவில் கார் கண்ணாடி மாட்டும் சேஃப்லைட் என்ற நிறுவனம் 1994-95இல் மணிக்கூலியிலிருந்து பீஸ் ரேட்டுக்கு மாறியது. அதைப் பொருளாதார அறிஞர் எட்வர்ட் லசியர் ஆராய்ந்திருக்கிறார். ஒரு ஆளின் உற்பத்தி 44 சதவீதம் கூடியது. அதில் ஏறக்குறைய பாதிதான் இருந்த ஆட்களே வேகமானதால் வந்தது. ஆனால் அதே ஆளின் சம்பளம் கூடியது சுமார் 10 சதவீதம்! மாட்டியதில் தவறு வந்தால் தன் சொந்த நேரத்தில் மறுபடி மாட்டித்தர வேண்டும். அதே சமயம் இன்னொன்றும் செய்தார்கள்: பீஸ் கணக்கு குறைந்தால் ஒரு குறைந்தபட்சச் சம்பளம் உறுதி. இந்த உறுதியைத்தான் நீங்களும் கேட்க வேண்டும்.

கமிஷனுக்கு வருவோம். 30,000 எடுப்பவரை விடுங்கள். எல்லா விற்பனைக் கூடத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். 6,000 போக 24,000 கமிஷன் வர 4,80,000க்கு விற்க வேண்டும். விற்பனையில் நடுவில் நிற்கும் ஆள் எவ்வளவு விற்கிறார் என்று கேளுங்கள். சராசரி என்று சொன்னால் விடாதீர்கள், அந்த ஒரு பெரிய ஆள் சராசரியைத் தூக்கிவிடுவார். நடு ஆள் 2,40,000க்கு விற்கிறார், அதில் பத்தில் ஒரு பங்கு ரிட்டர்ன் ஆகிறது என்று வையுங்கள். ரிட்டர்னுக்குக் கமிஷன் கிடையாது. முன்பே கொடுத்திருந்தால் அடுத்த மாதம் பிடிப்பார்கள். ஆக 2,16,000க்கு 10,800. நிலையான 6,000 சேர்த்து 16,800. பேரம், பின்தொடரும் அழைப்பு என்று மாதம் 240 மணி போனால் மணிக்கு 70.

இதிலும் அந்த 6,000 சம்பளமா, முன்பணமா என்பதில்தான் பலர் சிக்குகிறார்கள். முன்பணமாக இருந்தால் வருகிற கமிஷனிலிருந்து அதைக் கழித்துக்கொள்வார்கள். அப்போது மொத்தமே 10,800தான், மணிக்கு 45. விற்பனை மந்தமான மாதத்தில் கமிஷன் 6,000க்குக் கீழே போனால், பாக்கியை உங்கள் பெயரில் கடனாக எழுதி அடுத்த மாதத்துக்குத் தள்ளும் இடங்களும் உண்டு. கமிஷன் பில் போட்ட அன்றே கணக்காகிறதா, பணம் வசூலான பிறகா என்பதும் முக்கியம். வசூலான பிறகு என்றால் முதல் ஓரிரு மாதம் கமிஷன் எதுவும் கைக்கு வராமல் போகலாம். வேலையை விட்டால் நிலுவைக் கமிஷன் கிடைக்குமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் நிலையில் நானாக இருந்தால் முதலில் இரண்டாவது இடத்தில் போய்ப் பேசுவேன். முதல் இரண்டு மாதம் பீஸ் கணக்கு எப்படி இருந்தாலும் மணிக்கு 90க்குக் குறையாது என்று எழுதிக் கொடுத்தால், சோதனை நாளில் 9, 10 பை தைக்க முடிந்தாலே அங்கே சேர்ந்துவிடுவேன். பழகினால் 11 தாண்டும். எழுதித் தர மறுத்தால் மணிக்கூலிதான். மூன்றாவதை, 6,000 திரும்பப் பிடிக்கப்படாது என்று ஒப்பந்தத்தில் இருந்து, நடு ஆள் ஒருவருடைய கடைசி மூன்று மாத சம்பளச் சீட்டையும் பார்க்க முடிந்தால் மட்டும் யோசிப்பேன்.